ரூட்டரின் கடவுச்சொற்களை எங்கே வைப்பது: ஒட்டுச்சீட்டிலா, குடும்பப் பெட்டகத்திலா?

கும்பகோணத்தில் என் பெற்றோர் வீட்டுக் கூடத்தில் இருக்கும் ரூட்டரின் மேல் மூன்று ஆண்டுகளாக ஒரு மஞ்சள் ஒட்டுச்சீட்டு இருந்தது. வைஃபையின் பெயர், அதன் கடவுச்சொல், 192.168.1.1 என்ற முகவரி, அந்த முகவரியில் திறக்கும் அட்மின் பக்கத்தின் பயனர் பெயர், அதற்கான கடவுச்சொல் என ஐந்து வரிகள் அதில் இருந்தன. இணைப்புக் கொடுக்க வந்தவர் எழுதி ஒட்டிவிட்டுப் போன சீட்டு அது. பிறகு அதை எடுத்துவிட்டு, அதிலிருந்தவற்றைக் குடும்பத்தினர் பகிர்ந்துகொள்ளும் கடவுச்சொல் பெட்டகத்துக்கு, அதாவது பாஸ்வேர்டு மேனேஜர் என்று வழங்கப்படும் செயலிக்கு, மாற்றினோம். மாற்றிய பிறகு எது எளிதானது, எது கடினமானது, எதைக் காகிதத்திலேயே விட்டிருக்கலாம் என்பதை இரண்டு வீடுகளில் பார்த்துவிட்டேன். அந்த அனுபவத்தை வைத்தே இரண்டு வழிகளையும் இங்கே ஒப்பிடுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். அந்தச் சீட்டில் இருந்தது ஒரே வகை இரகசியம் அன்று. வைஃபை கடவுச்சொல் என்பது வீட்டுக்குள் நுழையும் கதவின் சாவி. வீட்டில் உள்ள எல்லோருக்கும் அது வேண்டும், வருகிற உறவினரும் கேட்பார்கள். அட்மின் கடவுச்சொல்லோ அந்தக் கதவின் பூட்டையே மாற்றும் அதிகாரம். ஆண்டுக்கு ஓரிரு முறைதான் தேவைப்படும், அதுவும் ஒருவருக்கோ இருவருக்கோதான். இவ்விரண்டையும் ஒரே தாளில், ஒரே இடத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்ததுதான் எங்கள் சீட்டின் முதன்மையான குறை. அது காகிதமாக இருந்தது இரண்டாம் நிலைக் குறைதான்.

சீட்டைப் படிக்கக்கூடியவர் யார்?

ஒட்டுச்சீட்டுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதத்தில் உண்மை இருக்கிறது. இணையத்தின் மறுமுனையில் இருக்கும் திருடனால் எங்கள் கூடத்துச் சீட்டைப் படிக்க முடியாது. வீட்டுக்குள் வந்து ரூட்டரைத் தொடும் நிலையில் உள்ளவர், சீட்டு இல்லாவிட்டாலும், பின்புறச் சிறு துளைக்குள் குண்டூசியை விட்டு ஏறத்தாழ 10 நொடிகள் அழுத்தினால் ரூட்டரைத் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பிவிடலாம். அதன்பின் அடிப்பகுதி லேபிளில் அச்சிட்டிருக்கும் கடவுச்சொல்லே வேலை செய்யும். ஆகவே ரூட்டரைத் தொடக்கூடியவரிடமிருந்து அட்மின் கடவுச்சொல்லை மறைப்பதில் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு.

நானும் முதலில் இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டவன்தான். ஆனால் இரண்டு செயல்களுக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. ரூட்டரை ரீசெட் செய்தால் வீட்டில் எல்லோருக்கும் உடனே தெரிந்துவிடும்: வைஃபையின் பெயரே மாறிவிடும், தொலைக்காட்சியும் கேமராவும் நின்றுவிடும், இணைய நிறுவனத்துக்கான பயனர் பெயர் அழிந்துவிட்டால் இணையமே வராது. சீட்டைப் பார்த்து அட்மின் பக்கத்துக்குள் நுழைந்தவர் செய்யும் மாற்றம் அப்படித் தெரியாது. அவர் டிஎன்எஸ் என்ற ஒரே ஒரு அமைப்பை மாற்றிவிட்டு வெளியேறலாம். நாம் தட்டும் ஒவ்வோர் இணைய முகவரிக்கும் எந்தக் கணினியிடம் வழி கேட்பது என்பதை அதுதான் முடிவு செய்கிறது. இணையம் வழக்கம்போலவே ஓடும். எந்த விளக்கும் நிறம் மாறாது.

அப்படி மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு 2011ஆம் ஆண்டு பிரேசிலில் நடந்தது சான்று. அங்கே சுமார் 45 லட்சம் மோடம்களின் டிஎன்எஸ் அமைப்பு களவாக மாற்றப்பட்டு, மக்கள் போலியான தளங்களுக்குத் திருப்பிவிடப்பட்டார்கள். அந்தத் தாக்குதல் மோடம்களின் மென்பொருளில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தியதே தவிர, யாருடைய ஒட்டுச்சீட்டையும் படித்து நடந்ததன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அட்மின் உரிமை பிறர் கைக்குப் போனால் விளைவு எந்த வழியில் வந்தாலும் ஒன்றுதான், நெடுநாள் யாருக்கும் தெரியாமல் போகக்கூடியதும்தான்.

எங்கள் வீட்டுக் கூடத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். மாடியில் குடியிருப்பவர்கள், அவர்களைப் பார்க்க வருபவர்கள், மின்சாரம் பழுது பார்ப்பவர், குடிநீர் கேன் கொண்டுவருபவர், கொலு நாட்களில் பாதித் தெரு. அவர்களில் யாரையும் நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் கொலுவின்போது எடுத்த ஒரு புகைப்படத்தில், மூன்றாம் படியில் இருந்த செட்டியார் பொம்மைக்குப் பின்னால் அந்த மஞ்சள் சீட்டு ஐந்து வரிகளோடும் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் படம் மூன்று வாட்ஸாப் குழுக்களுக்குப் போயிருந்தது. இணையத்தின் மறுமுனையில் இருப்பவரால் சீட்டைப் படிக்க முடியாது என்ற வாதம் எனக்கு அன்றோடு முடிந்தது.

சீட்டில் எழுதுவதற்கென்றே அமையும் கடவுச்சொல்

இரண்டாவது குறை அவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது. கையால் எழுதவும் வாயால் சொல்லவும் வேண்டியிருப்பதால், சீட்டில் போகும் கடவுச்சொல் குறுகியதாகவும் நினைவில் நிற்பதாகவும் அமைந்துவிடுகிறது. நம் ஊரில் இணைப்புக் கொடுப்பவர்களில் பலர் வாடிக்கையாளரின் கைப்பேசி எண்ணையே வைஃபை கடவுச்சொல்லாக வைத்துவிடுகிறார்கள். எங்கள் சீட்டிலும் அப்பாவின் எண்தான் இருந்தது.

அதன் வலிமையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இந்தியக் கைப்பேசி எண் 10 இலக்கம் கொண்டது. முதல் இலக்கம் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்று. ஆகவே இருக்கக்கூடிய எண்கள் மொத்தம் 400 கோடி. WPA2 என்ற பாதுகாப்பு முறையில் இயங்கும் வைஃபையோடு ஒரு கைப்பேசி இணையும் நொடியில் இரு கருவிகளும் பரிமாறிக்கொள்ளும் சில செய்திகளை, தெருவில் நிற்பவர் தம் மடிக்கணினியில் பதிவு செய்துகொள்ள முடியும். அந்தப் பதிவை வீட்டுக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு கடவுச்சொல்லாகப் போட்டு ஒத்துவருகிறதா என்று பார்க்கலாம். அதற்கு நம் ரூட்டரின் பக்கமே வர வேண்டியதில்லை. விளையாட்டுக் கணினிகளில் இருக்கும் உயர்தரக் கிராஃபிக்ஸ் அட்டை ஒன்று நொடிக்குப் பத்து லட்சம் கடவுச்சொற்களுக்கு மேல் இப்படிச் சோதிக்கும். 400 கோடி எண்களையும் சோதிக்க அதற்கு ஒரு மணி நேரமும் சில நிமிடங்களும் போதும். அதற்குப் பின் வந்த WPA3 முறையில் இவ்வாறு வெளியே கொண்டுபோய்ச் சோதிக்க முடியாது. ஆனால் பழைய கருவிகளுக்காகப் பெரும்பாலான வீடுகளில் WPA2 இன்னும் திறந்தேதான் இருக்கிறது.

பெட்டகத்தில் வைத்தால் நினைவில் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் போய்விடுகிறது. WPA2 கடவுச்சொல் 8 எழுத்து முதல் 63 எழுத்து வரை இருக்கலாம். அதற்காகப் பெட்டகமே உருவாக்கித் தரும் 20 எழுத்துக் குழப்பத்தை வைஃபைக்கு வைக்காதீர்கள். அதைத் தொலைக்காட்சியின் ரிமோட்டில் அம்புக்குறியை நகர்த்தி நகர்த்தி அடிக்கப் போவது உங்கள் அம்மா. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்து தமிழ்ச் சொற்களை, சிறிய ஆங்கில எழுத்துகளில், இடையே கோடு போட்டு எழுதினால் போதும். 2000 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து ஐந்து சொற்களைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், திருடனிடம் அதே பட்டியல் இருந்தாலும், மேலே சொன்ன வேகத்தில் ஒரே அட்டையால் எல்லாவற்றையும் சோதித்து முடிக்க ஆயிரம் ஆண்டுகள் ஆகும். சொற்களை நாமே விரும்பித் தேர்ந்தெடுத்தால் இந்தக் கணக்குச் செல்லாது. பேரன் பேத்தி பெயர்களும் குலதெய்வத்தின் பெயரும் அதில் வந்து உட்கார்ந்துவிடும். அட்மின் பக்கத்துக்கு மட்டும் பெட்டகம் தரும் குழப்பமான கடவுச்சொல்லையே வைக்கலாம். அதை யாரும் ரிமோட்டில் அடிக்கப் போவதில்லை.

இணையம் போனபின் பெட்டகம் திறக்குமா?

பெட்டகத்தின் மீது எனக்குள்ள மிகப் பெரிய தயக்கம் இதுதான். வேறு எந்தக் கடவுச்சொல்லுக்கும் இல்லாத ஓர் இயல்பு ரூட்டரின் கடவுச்சொல்லுக்கு உண்டு: இணையம் இல்லாத நேரத்தில்தான் அது அதிகம் தேவைப்படும். பெட்டகமோ இணையத்தின் வழியே இயங்குவது. இந்த வட்டத்தை முன்கூட்டியே உடைத்து வைக்காதவர்களுக்கு ஒட்டுச்சீட்டே மேல் என்று தயங்காமல் சொல்வேன்.

உடைக்கும் வழி ஒரே ஓர் அமைப்பில் இருக்கிறது. பிட்வார்டன் போன்ற பெட்டகங்கள், மறையாக்கம் செய்யப்பட்ட ஒரு முழு நகலைக் கைப்பேசியிலேயே வைத்துக்கொள்கின்றன. குறிப்பிட்ட நேரம் தொடாமல் இருந்தால் செயலி என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இரண்டு தெரிவுகள் உண்டு: Lock, Log out. முதலாவதில் நகல் கைப்பேசியிலேயே பூட்டிய நிலையில் இருக்கும்; கைரேகையாலோ முதன்மைக் கடவுச்சொல்லாலோ இணையம் இல்லாமலே திறக்கலாம். இரண்டாவதில் அந்த நகல் அழிந்துவிடும். மீண்டும் நுழைய இணையம் வேண்டும், சில நேரங்களில் மின்னஞ்சலுக்கு வரும் குறியீடும் வேண்டும். பாதுகாப்பு மிகுதி என்று எண்ணி இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பவர்கள், ரூட்டர் நின்றுபோன நாளில் வெறும் நுழைவுத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

இதைச் சோதித்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். கைப்பேசியை விமான நிலைக்கு மாற்றுங்கள், வைஃபை அணைந்திருக்கிறதா என்று பாருங்கள், பெட்டகத்தைத் திறந்து ரூட்டரின் பதிவைப் படித்துப் பாருங்கள். குடும்பத்தில் குறைந்தது இரண்டு கைப்பேசிகளிலாவது இது வெற்றி பெற வேண்டும். கைப்பேசியில்தான் மொபைல் டேட்டா இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். தடித்த சுவர் உள்ள பழைய வீடுகளில், ரூட்டர் இருக்கும் மூலையில் சிக்னல் வராது. வைஃபையை நம்பியே அந்த வீடுகளில் பேச்சழைப்புகூட நடக்கிறது.

இதனோடு சேர்ந்த இன்னொன்று, கடவுச்சொல்லை மாற்றும் வரிசை. ரூட்டரில் புதிய வைஃபை கடவுச்சொல்லைச் சேமித்த மறுநொடி, வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் துண்டிக்கப்படும். அதன்பின் பெட்டகத்தில் எழுத முயன்றால் எழுத முடியாது. இணையம் இல்லாதபோது பெட்டகத்தைப் படிக்கலாமே தவிர திருத்த இயலாது. ஆகவே புதிய கடவுச்சொல்லை முதலில் பெட்டகத்தில் சேமித்து, இன்னொருவரின் கைப்பேசியில் அது வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகே ரூட்டரில் மாற்ற வேண்டும். பழைய கடவுச்சொல்லைக் குறிப்புப் பகுதியில் ஒரு வாரமாவது விட்டுவைக்கலாம். மாடியறைப் பிரிண்டர் எந்தக் கடவுச்சொல்லோடு திணறிக்கொண்டிருக்கிறது என்பது பின்னால்தான் தெரியவரும்.

ஓர் ஐப்பசி மாலையில் நடந்தது

பெட்டகத்துக்கு மாறிய சில மாதங்களில், ஐப்பசி மழையில் எங்கள் ரூட்டர் பழுதானது. கண்ணாடி இழை வழியே மின்னல் வராது. ஆனால் மின்கம்பியில் ஏற்பட்ட மின்னழுத்த ஏற்றம் அடாப்டர் வழியாக உள்ளே போய்விட்டது. மறுநாள் மாலை புதிய கருவியோடு ஒரு தம்பி வந்தார். நான் கோயம்புத்தூரில் இருந்தேன். அப்பா தொலைபேசியில் கேட்டார்: "புது மெஷினுக்கு வைஃபை பெயர் என்ன வைக்கணும்னு தம்பி கேக்கிறார். என்னப்பா சொல்ல?"

வீட்டில் வைஃபையை நம்பியிருந்த கருவிகள் ஒன்பது. புதிய ரூட்டருக்குப் புதிய பெயரோ புதிய கடவுச்சொல்லோ வைத்தால், ஒன்பதையும் ஒவ்வொன்றாகப் பிடித்து மீண்டும் இணைக்க வேண்டும். வாசல் கேமராவுக்கு ஏணி போட்டு ஏற வேண்டும். பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுத்தால், ரூட்டர் மாறியதே தெரியாமல் கருவிகள் தாமாக இணைந்துகொள்ளும். பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. இடையில் இருப்பது கோடா, இடைவெளியா என்பதும் முக்கியம். பழைய சீட்டில் மூன்றாண்டு வெயிலில் மை வெளுத்து, ஓரெழுத்து `S` என்பதா 5 என்பதா என்று தெரியாமல் இருந்ததை நினைத்துக்கொண்டேன்.

அம்மாவின் கைப்பேசியில் பெட்டகம் இருந்தது. ஆனால் நான் அதில் Log out என்ற தெரிவை விட்டிருந்தேன். கூடத்தில் சிக்னல் இல்லை. அம்மா வாசல் திண்ணைக்குப் போய், முதன்மைக் கடவுச்சொல்லை இரண்டு முறை தவறாக அடித்து, மூன்றாம் முறை உள்ளே நுழைய ஏறத்தாழ கால் மணி நேரம் ஆனது. அந்தத் தம்பி பொறுமையாக நின்றார். அன்றிரவே இரு கைப்பேசிகளிலும் அந்த அமைப்பை மாற்றினேன். மேலே விமான நிலைச் சோதனையைப் பற்றி அவ்வளவு வற்புறுத்தி எழுதியதற்குக் காரணம் இதுதான்.

உள்ளே நுழைந்த பிறகு வேலை விரைவாக முடிந்தது. பதிவில் வைஃபை பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு வகை WPA2 என்பது, ரூட்டர் இணைய நிறுவனத்தோடு இணைய நிறுவனமே கொடுத்த PPPoE பயனர் பெயர், அதன் கடவுச்சொல் ஆகியவை தனித்தனி வரிகளாக இருந்தன. இந்தக் கடைசி இரண்டும் பழைய ஒட்டுச்சீட்டில் இருந்ததே இல்லை. அலுவலகத்தைத் தொடர்புகொள்ள அந்த நேரத்தில் முடியவில்லை என்று அந்தத் தம்பி சொன்னபோது, அவருக்குத் தேவையானது எங்களிடமே இருந்தது. எட்டுக் கருவிகள் சில நிமிடங்களில் தாமாக இணைந்தன. வாசல் கேமரா மட்டும் இணையவில்லை. புதிய ரூட்டர் WPA3 மட்டும் என்ற நிலையில் இருந்தது, கேமராவோ பழையது. பாதுகாப்பு வகை என்ற வரி பதிவில் இருந்ததால் காரணம் உடனே புரிந்தது. WPA2, WPA3 இரண்டையும் ஏற்கும் நிலைக்கு மாற்றியதும் அதுவும் வந்துவிட்டது.

புதிய ரூட்டரின் அட்மின் கடவுச்சொல் அதன் அடிப்பகுதி லேபிளில் இருந்தது. இந்த லேபிளும் ஓர் ஒட்டுச்சீட்டுதான் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மஞ்சள் சீட்டை எடுத்துவிட்டு, லேபிளில் உள்ள கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டால், எதையும் மறைத்ததாகாது.

192.168.1.1 எத்தனை வீடுகளுக்கு முகவரி?

பெட்டகத்தின் இன்னொரு குறையை ரூட்டரில் மட்டுமே காண முடியும். வங்கித் தளத்தின் முகவரி உலகத்துக்கே ஒன்று. பெட்டகம் அந்த முகவரியைப் பார்த்துத்தான் கடவுச்சொல்லை நிரப்புகிறது. 192.168.1.1 என்பதோ அந்தந்த வீட்டுக்குள் மட்டும் செல்லும் முகவரி. கும்பகோணத்து ரூட்டருக்கும் கோயம்புத்தூர் ரூட்டருக்கும் அதுவே முகவரி. ஒரு விடுதியின் ரூட்டருக்கும் அதுவாக இருக்கலாம். எங்கள் பெட்டகம் கோயம்புத்தூரில் கும்பகோணத்துக் கடவுச்சொல்லை நிரப்பித் தந்தது. மூன்று முறை தவறாக நுழைந்ததும் ரூட்டர் சில நிமிடங்களுக்குப் பக்கத்தைப் பூட்டிவிட்டது. நேரம் போனது சிறிய தொல்லை. முன்பின் அறியாத வலையில், அதே முகவரியில் நிற்கும் ஒரு போலிப் பக்கத்துக்கு உங்கள் வீட்டு அட்மின் கடவுச்சொல் நிரப்பப்படலாம் என்பதே கவலைக்குரியது.

இதற்குத் தீர்வு எளிது. பிட்வார்டனில் அந்த முகவரிக்கான பொருத்த முறையை Never என்று வைத்தால், பெட்டகம் தானாக எதையும் முன்மொழியாது. நாமே பதிவைத் திறந்து நகலெடுத்து ஒட்ட வேண்டும். அல்லது முகவரியைக் குறிப்புப் பகுதியில் மட்டும் எழுதிவைக்கலாம். பதிவின் பெயரில் ஊரும் கருவியின் மாதிரியும் பொருத்திய மாதமும் இருந்தால், பழைய ரூட்டரின் பதிவைப் பார்த்துக் குழம்ப நேராது.

எல்லாம் ஒரே பெட்டகத்தில் இருப்பதன் ஆபத்து

ஒட்டுச்சீட்டு தொலைந்தால் ஒரு வீட்டின் வைஃபை போகும். பெட்டகம் உடைந்தால் எல்லாம் போகும் என்ற அச்சம் நியாயமானது. 2022ஆம் ஆண்டு லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டக நகல்கள் திருடப்பட்டன. கடவுச்சொற்கள் மறையாக்கத்தில் இருந்தன. தளங்களின் முகவரிகள் அப்படி இல்லை. அந்த நகல்களை உடைப்பது, மேலே வைஃபைக்குச் சொன்ன அதே முறையிலான ஊகச் சோதனைதான். முதன்மைக் கடவுச்சொல் வலுவாக இருந்தவர்களின் பெட்டகம் தாங்கும், வலுவில்லாதவர்களுடையது தாங்காது. ஆகவே அப்பாவின் கைப்பேசி எண்ணை வைஃபையிலிருந்து எடுத்து முதன்மைக் கடவுச்சொல்லாக வைத்தால், முன்னைவிட மோசமான நிலைக்கே போவோம். ஐந்து சொற்கள் முறை இங்கும் பொருந்தும். பெட்டகத்துக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் வேண்டும்.

நிறுவனத்தின் கணினியில் வைக்கவே விருப்பமில்லாதவர்களுக்குக் கீபாஸ்எக்ஸ்சி என்ற பெட்டகச் செயலி உண்டு. எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும், அந்தக் கோப்பு நம் கையில் இருக்கும். ஒருவர் மட்டும் பயன்படுத்த அது மிக நல்ல கருவி. குடும்பத்துக்கு அதை நான் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். இரண்டு பேர் இரண்டு நகல்களில் திருத்தினால் எது சரி என்ற கேள்வி எழும். அதைத் தீர்க்கத் தெரிந்தவர் வீட்டில் பெரும்பாலும் ஒருவர்தான் இருப்பார். ஆப்பிள் கருவிகளை மட்டும் வைத்திருக்கும் குடும்பத்துக்கு, ஐஓஎஸ் 17 முதல் இருக்கும் பகிர்வுக் குழுவே போதுமானது. எங்கள் வீட்டில் அம்மாவிடமும் அப்பாவிடமும் ஆண்ட்ராய்டு, தங்கையிடம் ஐஃபோன் என்பதால் அது பொருந்தவில்லை. பிட்வார்டனின் குடும்பத் திட்டத்தில் ஆறு பேர் வரை சேரலாம், பதிவுகளைத் தனித்தனித் தொகுப்புகளாக வைத்து யார் எதைப் பார்க்கலாம் என்று பிரிக்கலாம் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தோம்.

எது எங்கே போக வேண்டும்

அட்மின் கடவுச்சொல்லும் PPPoE விவரமும் பெட்டகத்தில், இருவர் மட்டுமே பார்க்கும் தொகுப்பில் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த இருவரும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அம்மாவும் நானும்.

வீட்டின் முதன்மை வைஃபை எல்லோரும் பார்க்கும் தொகுப்பில் இருக்கலாம். அதைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்க முயல்வது வீண். ஆண்ட்ராய்டு 10 முதல், இணைந்திருக்கும் எந்தக் கைப்பேசியும் அந்தக் கடவுச்சொல்லைக் க்யூஆர் குறியீடாகக் காட்டிப் பிறரோடு பகிரும். யாரிடமாவது இருந்து உண்மையிலேயே திரும்பப் பெற வேண்டுமானால் ரூட்டரில் மாற்றுவது ஒன்றே வழி.

விருந்தினர் வைஃபை மட்டும் காகிதத்தில் இருக்கட்டும் என்கிறேன். பெரும்பாலான ரூட்டர்களில் கெஸ்ட் நெட்வொர்க் என்ற தனி வலையைத் திறக்கலாம். அதில் இணைபவருக்கு இணையம் கிடைக்கும், வீட்டின் மற்றக் கருவிகளும் அட்மின் பக்கமும் கிடைக்காது. உங்கள் ரூட்டர் அப்படித்தான் நடக்கிறதா என்பதை, கெஸ்ட் வலையில் இணைந்து 192.168.1.1 என்று அடித்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பக்கம் திறக்கக் கூடாது. உறவினர் வந்ததும் பெட்டகத்தைத் திறந்து எழுத்தெழுத்தாகச் சொல்வதைவிட, சுவரில் ஒரு க்யூஆர் குறியீடு இருப்பது எல்லோருக்கும் எளிது. அந்தக் குறியீட்டுக்குள் இருப்பது இவ்வளவுதான்:

```
WIFI:T:WPA;S:Veedu-Virundhu;P:kuruvi-saalai-mani-thayir-nool;;
```

`S:` என்பதற்குப் பின் வலையின் பெயரும் `P:` என்பதற்குப் பின் கடவுச்சொல்லும் வரும். கடவுச்சொல்லில் அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, காற்புள்ளி ஆகியவை இருந்தால் ஒவ்வொன்றின் முன்னும் `\` போட வேண்டும். ஐந்து சொற்களும் கோடும் மட்டும் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. இந்த வரியை இணையத் தளம் எதிலும் ஒட்டாமல், கணினியிலேயே இயங்கும் ஒரு நிரலால் குறியீடாக்குவது நல்லது. கொலுப் படத்தில் இந்தத் தாள் விழுந்தாலும் எனக்குக் கவலையில்லை. மார்கழி பிறந்ததும் அந்த ஒரு கடவுச்சொல்லை மாற்றி, வேறு தாளை ஒட்டிவிடுவேன்.

அப்பா செயலிகளைத் தொடுவதில்லை. அவருக்காக அட்மின் பக்கத்தின் விவரத்தையும் பெட்டகத்தின் மீட்புக் குறியீட்டையும் ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் தேதியைக் குறித்து, பீரோவில் வீட்டு வரி ரசீதோடும் மின்வாரிய அட்டையோடும் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு முறை ரூட்டர் மாறும்போதும் அந்த உறையும் மாற வேண்டும்; அதற்கான நினைவூட்டலைப் பெட்டகத்தில் ரூட்டர் பதிவின் குறிப்பிலேயே எழுதியிருக்கிறேன். கூடத்து ரூட்டரின் மேல் இப்போது எதுவும் ஒட்டப்படவில்லை, அடியிலுள்ள லேபிளில் இருப்பது செல்லாத கடவுச்சொல்.